ஐபிஓ பணம் எங்கே நிற்கிறது: பாஸ்புக்கை வைத்துக்கொண்டு தேடும் வழி

ஈரோட்டில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பெரிய ஐபிஓ ஒன்று முடிந்த மறுவாரம், வரிக்குச் சம்பந்தமே இல்லாமல் நாலைந்து பேர் பாஸ்புக்கோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "அலாட் ஆகலைன்னு மெசேஜ் வந்துச்சுங்க, பணம் மட்டும் வரலை" என்பார் ஒருவர். "பணமே எடுக்கலை, ஆனா ஏடிஎம்ல வரமாட்டேங்குது" என்பார் இன்னொருவர். பத்தில் எட்டுப் பேருக்கு உண்மையில் எந்தக் கோளாறும் இருக்காது, தவறான இடத்தில் தேடியிருப்பார்கள். மீதி இரண்டு பேருக்குத்தான் வேலை இருக்கும். அந்த இரண்டு பேரில் நீங்களும் ஒருவரா என்று கண்டுபிடிக்க, நான் பார்க்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் மூன்று எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நெட்பேங்கிங்கிலோ வங்கியின் செயலியிலோ கணக்கு விவரத்தைத் திறந்தால் அவை இருக்கும். பெயர் வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும்.

```
Book Balance        46,310.00
Lien Amount         29,640.00
Available Balance   16,670.00
```

முதலாவது, கணக்கில் உள்ள மொத்தப் பணம். இரண்டாவது, வங்கி பிடித்து வைத்திருப்பது. இதை லீன் என்பார்கள், சில வங்கிகள் ஹோல்டு என்று காட்டும். மூன்றாவது, நீங்கள் இப்போது எடுக்கக்கூடியது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வரவேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு கழித்தலை வைத்துத்தான்.

## "விண்ணப்பம் போட்டாச்சு, ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரிகூட இல்லை"

அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் பதில்: இருக்காது, இருக்கவும் கூடாது. 2016 ஜனவரி முதல் எல்லா முதலீட்டாளர்களும் ஆஸ்பா முறையில்தான் ஐபிஓவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த முறையில் பணம் உங்கள் கணக்கை விட்டு நகர்வதில்லை, அதே இடத்தில் பூட்டி வைக்கப்படுகிறது. பணம் போனால் அல்லது வந்தால்தான் ஸ்டேட்மென்ட்டில் வரி விழும். பூட்டுக்கு அப்படி ஒரு வரி விழாது. பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தில் எத்தனை முறை நுழைத்தாலும் இந்தப் பூட்டு அச்சாகாது. பணம் கணக்கிலேயே இருப்பதால் அதற்கான சேமிப்புக் கணக்கு வட்டியும் தொடர்ந்து சேரும்.

எனவே ஸ்டேட்மென்ட்டை மூடிவிட்டு அந்த மூன்று எண்களைப் பாருங்கள்.

லீன் தொகை விண்ணப்பத் தொகைக்குச் சமமாக இருந்தால் பணம் சரியாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பத் தொகை என்பது விலைப்பட்டையின் மேல் விலை × பங்குகளின் எண்ணிக்கை. கட்-ஆஃப் விலை என்று டிக் செய்திருந்தாலும் மேல் விலைக்குத்தான் பிடிப்பார்கள்.

லீன் பூஜ்யமாக இருந்தால், எந்த வழியில் விண்ணப்பித்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பாதை பிரியும்.

புரோக்கர் செயலி வழியாக யுபிஐயில் போட்டிருந்தால், யுபிஐ செயலியில் மேண்டேட் அல்லது ஆட்டோபே என்ற பகுதிக்குப் போங்கள். கோரிக்கை அங்கே ஒப்புதலுக்காகக் காத்துக்கொண்டிருந்தால், நீங்கள் இன்னும் பின் எண் போடவில்லை என்று அர்த்தம். வெளியீடு முடியும் நாளன்று மாலை 5 மணிக்குள் ஒப்புதல் கொடுத்தால்தான் விண்ணப்பம் செல்லும். புரோக்கர் செயலியில் "விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் காட்டுவதை நம்பிப் படுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கோரிக்கை புரோக்கரிடமிருந்து கிளம்பிவிட்டது என்பதைத்தான் அந்தப் பச்சை சொல்கிறது.

கோரிக்கையே வரவில்லை என்றால், முதலில் புரோக்கர் செயலியில் கொடுத்த யுபிஐ ஐடியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு, அது யாருடைய ஐடி என்று பாருங்கள். மனைவி பெயரில் விண்ணப்பித்துவிட்டுக் கணவரின் யுபிஐ ஐடியைக் கொடுப்பது எங்கள் ஊரில் சர்வ சாதாரணம். அது செல்லாது. டீமேட் யார் பெயரிலோ, அவருடைய சொந்த வங்கிக் கணக்கிலிருந்துதான் பணம் பிடிக்கப்பட வேண்டும். வெளியீடு இன்னும் திறந்திருந்தால் அந்த விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு, சரியான ஐடியோடு புதிதாகப் போடுங்கள். முடிந்துவிட்டிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. உங்கள் பணமும் எங்கேயும் போகவில்லை.

நெட்பேங்கிங்கின் ஐபிஓ பக்கத்திலேயே போட்டவர்களுக்கு மேண்டேட் என்ற கட்டமே கிடையாது, வங்கியே நேரடியாகப் பிடிக்கும். அங்கே லீன் பூஜ்யம் என்றால், அந்தப் பக்கத்தில் உள்ள விண்ணப்ப நிலையைப் பாருங்கள். இருப்புப் போதாமல் தள்ளப்பட்டிருந்தால் அங்கேயே தெரியும்.

## "ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு மடங்கு பிடித்துவிட்டது"

விண்ணப்பத்தைத் திருத்தினீர்களா என்று முதலில் யோசியுங்கள். லாட் என்ற பங்குக் கட்டை ஒன்றிலிருந்து இரண்டாக்கினாலோ, ரத்து செய்து மறுபடி போட்டாலோ புது மேண்டேட் வரும். பழைய பூட்டு திறப்பதற்குள் புதுப் பூட்டு விழுந்தால் சில மணி நேரத்துக்கு இரண்டும் சேர்ந்து காட்டும். அடுத்த வேலை நாள் வரை பொறுங்கள்.

மறுநாளும் அப்படியே இருந்தால், யுபிஐ செயலியில் ஐபிஓ மேண்டேட்டுகளை எண்ணுங்கள். இரண்டும் உயிரோடு இருந்தால், புரோக்கரிடம் இரண்டு விண்ணப்பங்கள் நிற்கின்றன என்று பொருள். இதைக் கவனிக்காமல் விட்டால் பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஆகிவிடும். ஒரே பான் எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட விண்ணப்பம் இருந்தால் அத்தனையும் நிராகரிக்கப்படலாம். வெளியீடு முடியும் முன் ஒன்றைப் புரோக்கர் செயலியிலேயே ரத்து செய்யுங்கள்.

ஒரு மேண்டேட்தான் உயிரோடு இருக்கிறது, ஆனால் லீன் இரண்டு மடங்கு என்றால் தவறு வங்கிப் பக்கம். இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரே விண்ணப்பத்துக்கு இரண்டு முறை பிடித்தால் கூடுதல் தொகையை உடனே விடுவிக்க வேண்டும் என்பது செபியின் விதி. கடைசிப் பகுதியில் உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

## "அலாட் ஆகவில்லை, பணமும் விடுபடவில்லை"

இங்கே கோளாறைத் தேடும் முன் நாட்களை எண்ண வேண்டும். 2023 டிசம்பர் முதல், வெளியீடு முடிந்த மூன்றாம் வேலை நாளில் பங்கு பட்டியலிடப்பட வேண்டும். அதற்குள் நடப்பவை இப்படி: முதல் வேலை நாளில் ஒதுக்கீடு முடிவாகும். இரண்டாம் வேலை நாளில் ஒதுக்கப்பட்டவர்களின் பணம் எடுக்கப்படும், மற்றவர்களின் பூட்டு திறக்கப்படும். அதே நாளில் பங்குகளும் டீமேட்டுக்கு வரும்.

'வேலை நாள்' என்ற சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2025 அக்டோபரில் வந்த எல்ஜி எலெக்ட்ரானிக்ஸ் இந்தியா வெளியீட்டைப் பாருங்கள். 9ஆம் தேதி வியாழக்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமையே ஒதுக்கீடு தெரிந்துவிட்டது. பணம் விடுபட வேண்டிய நாளோ 13ஆம் தேதி திங்கள். நடுவில் சனியும் ஞாயிறும். அந்த இரண்டு நாளும் "கிடைக்கலைன்னு தெரிஞ்சும் பணத்தை வெச்சிருக்கான்" என்று எனக்கு வந்த போன்களைச் சொல்லி மாளாது. யாரும் எதையும் வைத்துக்கொண்டிருக்கவில்லை, திங்கள்கிழமை வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வேலை நாள் மாலையும் தாண்டிவிட்டது என்றால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

ஒதுக்கீடு உண்மையிலேயே இல்லையா? வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பாதீர்கள். ஒதுக்கீட்டுக் கணக்கைப் பார்க்கும் ரெஜிஸ்ட்ரார் நிறுவனம் எதுவோ அதன் தளத்தில், அல்லது மும்பைப் பங்குச் சந்தையின் தளத்தில், பான் எண்ணோ விண்ணப்ப எண்ணோ கொடுத்துப் பாருங்கள். கேஃபின் டெக்னாலஜிஸ், லிங்க் இன்டைம் என்ற பெயரில் இருந்து எம்யுஎஃப்ஜி இன்டைம் ஆகிவிட்ட நிறுவனம், பிக்ஷேர் ஆகியவை அடிக்கடி காணும் பெயர்கள். எந்த வெளியீட்டுக்கு யார் என்பது விண்ணப்பம் போட்ட செயலியிலேயே இருக்கும். பக்கம் திறந்ததும் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மேண்டேட் என்ன நிலையில் இருக்கிறது? யுபிஐ செயலியில் அது இன்னும் உயிரோடு இருந்தால், விடுவிக்கச் சொல்லும் கட்டளை இன்னும் உங்கள் வங்கியில் வேலை செய்யவில்லை. அதை நீங்களே ரத்து செய்யப் பார்க்காதீர்கள். மாதச் சந்தாவுக்குக் கொடுத்த மேண்டேட்டைப் போல ஐபிஓ மேண்டேட்டை நாமாக ரத்து செய்ய முடியாது. அதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தில் இருக்கும் `UMN` என்ற நீளமான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியோடு பேசும்போது உங்கள் பெயரைவிட அந்த எண்ணுக்குத்தான் மரியாதை.

மேண்டேட் ரத்தானதாகவோ காலாவதியானதாகவோ காட்டுகிறது, லீன் மட்டும் அப்படியே நிற்கிறது என்றால் சிக்கலின் இடம் தெரிந்துவிட்டது. யுபிஐ பக்கம் வேலை முடிந்திருக்கிறது, வங்கியின் கணக்குப் பதிவில் பூட்டு எடுபடவில்லை. புரோக்கரிடம் சண்டை போட்டு ஒரு பயனும் இல்லை, நேரே வங்கிக்குப் போங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒன்று. செயலியை மூடித் திறந்து இருப்பைப் புதுப்பித்துப் பார்த்தீர்களா? சிரிக்காதீர்கள். காலையில் பார்த்த எண்ணையே மாலை வரை காட்டும் செயலிகள் உண்டு. நெட்பேங்கிங்கில் நுழைந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.

## "பாதிதான் கிடைத்தது. மீதிப் பணம் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை"

எல்லா அறிகுறிகளிலும் குழப்பமானது இதுதான். பணம் எடுப்பதும் பூட்டைத் திறப்பதும் ஒரே நாளில் நடக்கின்றன, ஒன்றுக்கு வரி விழும், மற்றதற்கு விழாது. என் மச்சானின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மேலே போட்ட மூன்று எண்களும் அவருடையவைதான்.

எல்ஜி வெளியீட்டின் மேல் விலை 1,140 ரூபாய், லாட்டுக்கு 13 பங்குகள். ஒரு லாட் 14,820 ரூபாய். அவர் இரண்டு லாட் போட்டிருந்தார், 29,640 ரூபாய் பிடிக்கப்பட்டது. சில்லறை முதலீட்டாளர் பகுதிக்கு மூன்று மடங்குக்கு மேல் விண்ணப்பம் வந்ததால், குலுக்கலில் ஜெயித்தவர்களுக்கும் ஒரு லாட்தான். அவருக்கு அந்த ஒன்று கிடைத்தது.

எல்லாம் சரியாக நடந்திருந்தால் திங்கள்கிழமை முடிவில் அவர் கணக்கு இப்படி நின்றிருக்க வேண்டும்: மொத்த இருப்பு 46,310 கழித்தல் 14,820, அதாவது 31,490. லீன் பூஜ்யம். எடுக்கக்கூடியதும் 31,490. ஸ்டேட்மென்ட்டில் 14,820 ரூபாய்க்கு ஒரே ஒரு பற்று வரி. திரும்பி வந்த 14,820க்கு வரவு வரி இருக்காது, ஏனென்றால் அது போகவே இல்லை. "டெபிட் தெரியுது, கிரெடிட் தெரியலை" என்று பதறுகிறவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள்.

அப்படி இல்லையென்றால், எந்த எண் நிற்கிறது என்பதே கோளாறைச் சொல்லிவிடும்.

மொத்தம் 46,310, எடுக்கக்கூடியது 16,670 என்று பழையபடியே இருந்தால், வங்கியில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் வேலை நாள் முடியும்வரை பொறுக்கலாம்.

மொத்தம் 46,310, எடுக்கக்கூடியது 31,490 என்றால், கிடைக்காத லாட்டின் பூட்டு திறந்துவிட்டது, கிடைத்த லாட்டுக்கான பணம் இன்னும் எடுக்கப்படவில்லை. பயமில்லை, பற்று வரி பின்னால் வரும். அந்த 14,820ஐத் தொட முடியாதபடி பூட்டு இருக்கும்.

மொத்தம் 31,490, எடுக்கக்கூடியது 16,670 என்றால், பணம் எடுக்கப்பட்டுவிட்டது, அதற்கான பூட்டும் போய்விட்டது. கிடைக்காத லாட்டின் 14,820 மட்டும் மாட்டியிருக்கிறது. மீதியை விடுவிக்கும் வேலை பாதியில் நின்றிருக்கிறது.

மொத்தம் 31,490, எடுக்கக்கூடியது வெறும் 1,850 என்றால் நிலைமை மோசம். 14,820 எடுத்த பிறகும் 29,640க்கான முழுப் பூட்டும் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். கணக்கில் உள்ள வேறு பணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மச்சானுக்கு நின்றது அந்த 1,850தான். திங்கள் மாலை பார்த்தபோது "நாளைக்குச் சரியாகிடும் மாப்ளே" என்று நானே சொன்னேன். செவ்வாய்க்கிழமை பங்கு பட்டியலிடப்பட்டுவிட்டது, பூட்டு அசையவில்லை. புதன்கிழமை 15ஆம் தேதி அவருடைய வண்டிக் கடன் தவணை 4,200 ரூபாய், இருப்பில்லை என்று திரும்பிவிட்டது. கணக்கில் முப்பத்தோராயிரம் இருக்கும்போதே! பூட்டப்பட்ட பணம் தவணைக்கோ செக்குக்கோ உதவாது என்பதை அன்றைக்குத்தான் அவர் நம்பினார். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது, துணிக்கடைப் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அதிலிருந்து நான் செய்யும் வேலை ஒன்று: ஐபிஓ முடியும் தேதிக்கும் அடுத்த ஐந்து வேலை நாளுக்கும் நடுவில் தவணை ஏதும் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன். இருந்தால் வேறு கணக்கிலிருந்து போடச் சொல்கிறேன். அந்தக் கணக்கும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

## "பணம் எடுத்துவிட்டார்கள், பங்கு வரவில்லை"

ஸ்டேட்மென்ட்டில் பற்று வரி விழுந்திருப்பதால் இங்கே தேட வேண்டிய இடம் வங்கி அல்ல. பங்குகள் இரண்டாம் வேலை நாள் மாலைக்குள் டீமேட்டுக்கு வர வேண்டும். புரோக்கர் செயலியில் சில சமயம் பட்டியலிடும் நாள் காலையில்தான் தெரியும். அதனால் டெபாசிட்டரியின் பக்கத்தில், அதாவது என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் தளத்தில், நேரடியாகப் பாருங்கள். பட்டியலிடும் வரை அவற்றை விற்க முடியாது.

அங்கேயும் இல்லை, ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் ஒதுக்கீடு என்று காட்டுகிறது என்றால், விண்ணப்பத்தில் இருந்த டீமேட் எண்ணைச் சரிபாருங்கள். இரண்டு டீமேட் வைத்திருக்கிறவர்கள் பழைய கணக்கில் வந்து கிடக்கும் பங்கைத் தேடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதிலும் இல்லையென்றால் ரெஜிஸ்ட்ராருக்கு எழுத வேண்டும்.

## "ஐபிஓ எல்லாம் முடிந்தது, லீன் மட்டும் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது"

மிச்சம் நிற்கும் தொகையை முதலில் லாட்டின் விலையோடு ஒப்பிடுங்கள். முழு லாட்டுகளாகவோ விண்ணப்பத் தொகையாகவோ இருந்தால் மேலே சொன்ன வழி. இறுதி விலை மேல் விலையைவிடக் குறைவாக முடிவாகியிருந்தால் வித்தியாசம் × பங்குகள் என்ற கணக்கிலும் ஒரு மிச்சம் வரலாம், அதுவும் விடுபட வேண்டியதே.

எதற்கும் பொருந்தாத தொகை என்றால், ஐபிஓவைச் சந்தேகிப்பதை நிறுத்துங்கள். ஒரு கணக்கில் பல பூட்டுகள் இருக்கலாம். செயலி அவற்றைக் கூட்டி ஒரே எண்ணாகத்தான் காட்டும். கட்டாத கட்டணம், கடன் பாக்கி, நீதிமன்றம் அல்லது வரித்துறை உத்தரவு, சைபர் குற்றப் புகாரில் பிடித்த தொகை என்று காரணங்கள் பல. பழைய பொருள் விற்று யுபிஐயில் வாங்கிய பணம் வந்த வழியே கறையாக இருந்ததால் கணக்கில் பூட்டு விழுந்த ஒருவர், ஒரு மாதம் ஐபிஓவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இதைப் பிரித்தறிய ஒரே வழி, கிளையில் போய் லீன் விவரம் கேட்பதுதான். "பணம் ஏன் வரலை" என்று கேட்டால் "வந்துடும் சார்" என்பார்கள். "இந்தக் கணக்கில் எத்தனை லீன் இருக்கிறது, ஒவ்வொன்றின் தொகை, போட்ட தேதி, காரணம் என்ன" என்று கேளுங்கள். கணினியில் அது தனித்தனி வரியாகவே இருக்கும். ஐபிஓ தேதியில் போட்ட வரி எது என்று அங்கேயே தெரிந்துவிடும். சைபர் காரணம் என்று வந்தால் மேற்கொண்டு நீங்களாக ஓடாதீர்கள், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

## "ஒதுக்கீடே வரவில்லை, முழுத் தொகையும் ஏற்கெனவே டெபிட் ஆகிவிட்டது"

ஸ்டேட்மென்ட்டில் பற்று வரி விழுந்த தேதியைப் பாருங்கள். ஒதுக்கீட்டுக்கு முன்பே பணம் கணக்கை விட்டுப் போயிருந்தால், அது ஐபிஓ விண்ணப்பமே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். டெலிகிராம் குழுவில் "உறுதியான ஒதுக்கீடு" என்று சொல்லித் தனியார் கணக்குக்கு அனுப்ப வைப்பவர்கள் இருக்கிறார்கள். வரியில் தனி நபர் பெயரோ, கேள்விப்படாத நிறுவனப் பெயரோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

## எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும், யாரிடம்

பட்டியலிடும் நாள் காலையிலும் பூட்டு திறக்கவில்லை என்றால் பொறுமைக்கு வேலை முடிந்தது. அந்த நாளிலிருந்து தாமதத்துக்கு இழப்பீடு கணக்காகிறது. நாளுக்கு 100 ரூபாய், அல்லது விண்ணப்பத் தொகைக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. மச்சானின் 29,640க்கு 15 சதவீதம் போட்டால் நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய் சொச்சம்தான் வரும், அதனால் 100தான் அவருக்கு. விண்ணப்பத் தொகை 2,43,000ஐத் தாண்டினால்தான் சதவீதக் கணக்கு நூறை முந்தும். இரண்டு லட்சத்துக்குள் போடும் சில்லறை முதலீட்டாளர்களுக்கு எப்போதுமே நூறு ரூபாய் கணக்குதான்.

முதல் மனு வங்கிக்கு. கிளையில் வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், மின்னஞ்சலில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். கிளை மேலாளர் "இது ஹெட் ஆபீஸ் விஷயம்" என்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். அப்போது வங்கியின் ஆஸ்பா பிரிவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, அவருக்கும் நகல் வையுங்கள். மனுவில் கதை வேண்டாம். நான் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இவ்வளவுதான்:

"என் கணக்கில் 9.10.2025 அன்று முடிந்த ஐபிஓவுக்காக ரூ.29,640 பிடித்து வைக்கப்பட்டது. விண்ணப்ப எண், மேண்டேட் எண் கீழே. ஒரு லாட் ஒதுக்கப்பட்டு ரூ.14,820 எடுக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும் ரூ.29,640க்கான லீன் நீக்கப்படவில்லை. ரெஜிஸ்ட்ரார் பக்கமும் இருப்புப் பக்கமும் இணைத்துள்ளேன். லீனை உடனே நீக்கவும், 14.10.2025 முதல் செபி விதிப்படியான இழப்பீட்டை வரவு வைக்கவும் வேண்டுகிறேன்."

அதோடு மூன்று எண்களும் தெரியும்படி பிடித்த திரையின் படம், பற்று வரி உள்ள ஸ்டேட்மென்ட் பக்கம், ரெஜிஸ்ட்ரார் பக்கம். திரையைப் பிடிக்கும்போது தேதியும் நேரமும் தெரிகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல், யுபிஐ பின் எண், ஓடிபி எதையும் யாருக்கும் எழுத வேண்டியதில்லை. கேட்பவர் வங்கிக்காரர் இல்லை.

இரண்டு மூன்று நாளில் பதில் இல்லையென்றால், வெளியீட்டை நடத்திய முதன்மை மேலாளருக்கும் ரெஜிஸ்ட்ராருக்கும் அதே மின்னஞ்சலை அனுப்புங்கள். அவர்களுடைய முகவரி பங்கு வெளியீட்டு ஆவணத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கும். வங்கியைவிட இவர்கள் சீக்கிரம் அசைவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பட்டியலிட்ட பிறகும் பூட்டுத் திறக்காத விண்ணப்பங்களுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளம், `scores.sebi.gov.in`. அங்கே புகார் போனால் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வங்கி முப்பது நாள் ஆகியும் வாய் திறக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், `cms.rbi.org.in`.

மச்சானுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. புதன்கிழமை மதியம் மின்னஞ்சல் போனது, வியாழக்கிழமை ரெஜிஸ்ட்ராருக்கும் முதன்மை மேலாளருக்கும் நகல் போனது, வெள்ளிக்கிழமை காலை எடுக்கக்கூடிய இருப்பு 31,490 ஆகிவிட்டது. இழப்பீட்டுக்கு இரண்டு வாரம் கழித்து 300 ரூபாய்க்கு ஒரு வரவு வரி விழுந்தது. தவணை திரும்பியதற்கு வங்கி பிடித்த கட்டணத்தைத் தனியாகக் கேட்டிருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை, மச்சானும் விடுவதாக இல்லை.